டிக்டேஷன்: காட்பாடியில இருந்து கோட்டை வரைக்கும்

எல்லாரும் நோட்டை எடுத்துட்டீங்களா? பென்சில்ல எழுதுங்க. ஒவ்வொரு வாக்கியத்தையும் முதல்ல முழுசா சொல்லுவேன், அப்ப கேட்டா மட்டும் போதும், அப்புறம் நிறுத்தி நிறுத்தி சொல்லுவேன், அப்ப எழுதுங்க. ஒரு எழுத்து தெரியலன்னா இடம் விட்டுட்டு அடுத்த வார்த்தைக்குப் போயிடுங்க, அங்கயே நின்னா மிச்சத்தைக் கோட்டை விட்ருவீங்க. கொல்கத்தாவுல இருந்தும் கவுகாத்தில இருந்தும் இங்க வேலூருக்கு நர்சிங் படிக்க வந்திருக்கீங்க, அதனால வார்டுலயும் பஸ்லயும் நிஜமா காதுல விழற தமிழைத்தான் குடுக்கறேன்.

ஒண்ணு. நான் காட்பாடியில எறங்கினேன். நான்... காட்பாடியில... எறங்கினேன்.

ரெண்டு. வெயில்... ரொம்ப... அதிகம்.

மூணு. பழைய பஸ் ஸ்டாண்டு... ஒண்ணு... குடுங்கண்ணே. கண்டக்டர்கிட்ட சொல்றது இது. கடைசி வார்த்தையை ஒரே மூச்சுல சேத்து எழுதணும், பிரிக்காதீங்க.

நாலு. பாலாத்துல... மணல்தான்... தெரியுது.

அஞ்சு. கோட்டையச் சுத்தி... அகழி... இருக்கு. மறுபடியும், அகழி. நாக்கை உள்ள மடக்கி சொல்றேன் பாருங்க, ழி. கேட்டதும் ளி போட்டவங்க அடிச்சு எழுதுங்க, அழிக்க வேணாம், எது மாறுச்சுன்னு உங்களுக்கே தெரியணும்.

ஆறு. கோட்டைக்குள்ள... ஜலகண்டேஸ்வரர் கோயில்... இருக்கு. பேரு நீளம், அதனால திரும்ப சொல்றேன். ஜல... கண்டேஸ்... வரர்.

ஏழு. 1806 ஜூலை 10... சிப்பாய்ங்க... இங்க... எதிர்த்து நின்னாங்க. வருஷத்தை நம்பர்லயே எழுதுங்க.

இப்ப வர்ற ரெண்டும் ஒரே மாதிரி கேக்கும். பேஷண்டு சொல்றதைத் தப்பா எழுதிட்டா டாக்டருக்கும் தப்பாதான் போகும், அதனால இங்க மட்டும் ரெண்டு ரெண்டு தடவ நிறுத்தி சொல்றேன், அவசரமே இல்ல.

எட்டு. வலி... எங்க... இருக்கு? வலி... எங்க... இருக்கு?

ஒம்பது. வழி... எங்க... இருக்கு? வழி... எங்க... இருக்கு?

கண்ணை மூடிக்கிட்டு இன்னொரு தடவ கேளுங்க. வலி. வழி. முதல்ல சொன்னதுக்கு நாக்கு நுனி பல்லுக்கு மேல தொடுது, ரெண்டாவதுக்கு எங்கயும் தொடல. எழுதறப்ப நீங்களும் மெதுவா வாய் விட்டு சொல்லுங்க, கை தானா சரியா போகும்.

பத்து. அம்மா... ராத்திரி... தூங்கினீங்களா? வயசானவங்ககிட்ட கேக்கறது, அதனால கடைசில 'ங்களா' வரணும், 'யா'ன்னு முடிச்சா மரியாதை போயிடும்.

பதினொண்ணு. முள்ளுக் கத்திரிக்கா... அரைக் கிலோ... குடுங்கக்கா. மார்க்கெட்ல கண்டிப்பா வேணும் இது.

இப்ப பதினொண்ணையும் நிறுத்தாம ஒரு தடவ படிக்கறேன், விட்ட இடத்தை எல்லாம் ரொப்புங்க. அப்புறம் நோட்டை பக்கத்துல இருக்கறவங்ககிட்ட குடுங்க, எட்டும் ஒம்பதும்தான் முதல்ல பாக்கணும்.