எழுத்து, லோகோ திருத்த மாதிரிகளுடன் விண்ணப்பக் கடிதம்

சாத்தூர்,
9 ஜூன் 2025

பெறுநர்:
உற்பத்திப் பிரிவு மேலாளர் அவர்கள்,
லேபிள் மற்றும் அட்டைப்பெட்டி அச்சகம்,
சிவகாசி.

பொருள்: வெளியிலிருந்து ரீடச்சிங் வேலை செய்து தர விண்ணப்பம், 4 முன்–பின் மாதிரிகள் இணைப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளிவருவதற்குள் டிசைன் பிரிவில் வேலை குவிந்துவிடும் என்பதால், வாடிக்கையாளர் கொண்டுவரும் பழைய லேபிள்களையும் மங்கலான லோகோக்களையும் சீர்செய்ய வெளியாட்களைத் தேடுகிறீர்கள் என்று தங்கள் பிளேட் பிரிவு நண்பர் ஒருவர் சொல்லக் கேட்டு இக்கடிதத்தை எழுதுகிறேன். நான் 11 ஆண்டுகளாக இத்தொழிலில் இருக்கிறேன். முதல் 5 ஆண்டுகள் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் சம்பளத்துக்கு இருந்தேன். அதன்பின் வீட்டிலிருந்தே தனியாகச் செய்துவருகிறேன். முகத்தை வெளுப்பாக்குவது, பின்னணியை வெட்டுவது போன்றவற்றை யாரும் செய்துவிடலாம். எழுத்தையும் லோகோவையும் திருத்துவதுதான் என் வேலை என்று நான் சொல்லிக்கொள்வதால், இணைப்பில் அவை மட்டுமே இருக்கின்றன. உரிமையாளர்களின் ஒப்புதலோடு கடைப் பெயர்களை மறைத்திருக்கிறேன்.

முதல் மாதிரி (01_munbu.tif, 01_pinbu.tif) கோவில்பட்டிப் பக்கத்துக் கடலை மிட்டாய்க் கடை ஒன்றின் பழைய லேபிள். அது 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் கையால் வரையப்பட்டது. ஆகவே ‘கடலை’ என்பதிலுள்ள லை, இன்றைய இணைக்கொம்பு வடிவில் இல்லாமல், யானைத் துதிக்கை போல் மேலே சுழித்த பழைய வடிவில் இருக்கிறது. தாளை நான்காக மடித்துப் பல ஆண்டுகள் பெட்டியில் வைத்திருந்ததில் மடிப்பு சரியாக அந்தச் சுழியின் மேலேயே விழுந்து, மை உதிர்ந்து, பாதி எழுத்து போய்விட்டது. எனக்கு முன்னால் இதைச் செய்தவர் கணினி எழுத்துருவிலிருந்து புது லை ஒன்றை எடுத்து ஒட்டியிருந்தார். உரிமையாளர் பார்த்ததும் ‘இது எங்கள் அப்பா போட்ட எழுத்து இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர் சொன்னது சரி. லேபிளை 600 பிபிஐயில் ஸ்கேன் செய்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தபோது, அடியில் சிறிய எழுத்தில் ‘விலை’ என்று இருப்பது கண்ணில் பட்டது. அதே கை வரைந்த அதே லை, மடிப்புப் படாமல், கடுகளவில் முழுதாக இருந்தது. அதைப் பெரிதாக்கி வழிகாட்டியாக அடியில் வைத்து, பென் டூலால் மேலே புதிதாக வரைந்தேன். சிறிய எழுத்தில் கோடு விகிதத்துக்குச் சற்றுத் தடித்திருந்ததால், பக்கத்து க, ட இரண்டின் கோட்டுக் கனத்துக்கு அதை மெலித்துக்கொண்டேன். ட-வின் கீழ்க்கோடு லேசாகச் சாய்ந்திருப்பதைத் தாங்கள் கவனிக்கலாம். அதைத் தெரிந்தேதான் நேராக்காமல் விட்டிருக்கிறேன். வரைந்தவரின் கை அது.

இரண்டாவது, சாம்பார்ப் பொடி பவுச் ஒன்றின் முன்பக்கம். வாடிக்கையாளரிடம் இருந்தது வாட்ஸப்பில் சுற்றிவந்த ஒரே ஒரு ஜேபெக் படம். லேயர் எதுவும் இல்லை, எழுத்து படத்தோடு ஒட்டிப்போயிருந்தது. சேர்பொருள் வரிசையில் ‘மிளகாய்’, ‘துவரம்பருப்பு’ இரண்டும் ஒழுங்காக இருக்க, ‘கொத்தமல்லி’, ‘வெந்தயம்’ இரண்டிலும் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் நின்றது. யூனிகோடில் உயிர்க்குறி மெய்க்குப் பின்னால்தான் பதிவாகிறது. திரையில் அதை முன்னால் கொண்டுவந்து வைப்பது மென்பொருளின் பொறுப்பு. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் எழுத்து அமைப்பு World-Ready Layout என்று இல்லாவிட்டால் அந்த இடமாற்றம் நடப்பதில்லை. கொம்பில்லாத சொற்கள் பிழையின்றித் தெரிவதால் புரூஃப் பார்ப்பவர் கண்ணுக்கும் இது தப்பிவிடுகிறது. தமிழ் தெரியாத டிசைனர் என்றால் கேட்கவே வேண்டாம். இதில் எழுத்தைத் திருத்துவதைவிட, எழுத்துக்கு அடியில் இருந்த மிளகாய் வற்றல் படத்தை மீட்பதற்குத்தான் அதிக நேரம் ஆனது. ஜேபெக்கின் கட்டம் கட்டமான கறை எழுத்தோரங்களில் படிந்திருந்ததால், அப்படியே குளோன் செய்தால் கறையும் கூடவே வரும். ஆகவே முதலில் கறையை நீக்கி, பிறகு வற்றலின் சுருக்கங்களை ஒவ்வொன்றாக நிரப்பி, அதன்மேல் புது எழுத்தை அவுட்லைனாக வைத்திருக்கிறேன். 400 விழுக்காடு பெரிதாக்கிப் பார்த்தால் ‘வெந்தயம்’ இருந்த இடத்தில் ஒரு வற்றல் சற்று மழுங்கலாகத் தெரியும். அச்சில் அது தெரியவில்லை. ஆயினும் சொல்லிவிடுவது முறை.

மூன்றாவது மாதிரி ஜவுளிக்கடைக் காலண்டருக்காக எடுத்த முகப்புப் படம். பெயர்ப்பலகையில் டியூப்லைட் வெளிச்சம் பட்டு மறைந்த இரண்டு எழுத்துகளைப் பலகையின் சாய்வுக்கு ஏற்ப மீட்டு, பழைய தொலைபேசி எண்ணை நீக்கியிருக்கிறேன். பெரிய வேலை இல்லை. இப்படிப்பட்டவைதான் அதிகம் வரும் என்பதால் சேர்த்தேன்.

நான்காவதில் முன், பின் இரண்டும் திரையில் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு நெய் டப்பா லேபிளின் பின்பக்கத்து 6 பாயின்ட் எழுத்துகள் நான்கு நிறமும் கலந்த கறுப்பில் இருந்தன. ரெஜிஸ்டர் ஒரு மயிரிழை விலகினாலும் அவை சிவப்பும் நீலமுமாக நிழல் தட்டிவிடும். கறுப்புத் தகடு ஒன்றில் மட்டும் வருமாறு மாற்றி, ஓவர்பிரின்ட் கொடுத்திருக்கிறேன். தனியாகத் தொழில் தொடங்கிய புதிதில் நானே இதைக் கவனிக்காமல் ஒரு கோப்பை அனுப்பி, நான்கு பிளேட்டும் மறுபடி போட வேண்டியதாகி, அந்தச் செலவை என் கூலியில் கழித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து கோப்பு வெளியே போகுமுன் செபரேஷனைத் தனித்தனியாகப் பார்க்காமல் நான் அனுப்புவதில்லை.

செய்யாத வேலைகளையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். தயாரிப்பு நாள், காலாவதி நாள், அதிகபட்ச சில்லறை விலை, நிகர எடை, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் ஆகியவற்றில் ஓர் இலக்கத்தை மாற்றுவதென்றாலும் வாடிக்கையாளரின் கையொப்பமிட்ட கடிதம் தங்கள் வழியாக வர வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரையையோ அடுத்தவர் லோகோவையோ உரிமை இல்லாமல் ஒரு பெட்டியில் வைத்துத் தர மாட்டேன். சைவப் பொருளுக்கான பச்சைச் சதுரமும் அதனுள் இருக்கும் பச்சை வட்டமும் மங்கியிருந்தால் புதிதாக வரைவேன். இல்லாத பெட்டியில் நானாகச் சேர்ப்பதில்லை.

கூலி விவரம்: லோகோவை வெக்டராக வரைய, சிக்கலைப் பொறுத்து 600 முதல் 1,500 ரூபாய் வரை, படத்தில் பதிந்த எழுத்தை நீக்கிப் புது எழுத்து வைக்க, ஒரு பக்கத்துக்கு 450 ரூபாய், கறுப்புத் தகடு மாற்றம் போன்ற சிறு திருத்தங்களுக்கு 150 ரூபாய். ஒப்படைத்த வேலையில் இரண்டு மறுதிருத்தங்கள் வரை தனிக் கூலி இல்லை. சாதாரண வேலையை 2 நாளில் முடித்துத் தருவேன். முதல் மாதிரியைப் போல் கையால் வரைய வேண்டியதற்கு 4 நாள் வேண்டும், அதை அவசரப்படுத்தினால் கெட்டுவிடும். கோப்புகளைச் சிஎம்ஒய்கேயில், எழுத்தை அவுட்லைன் ஆக்கிய பிடிஎஃப் ஆகவும், லேயர் கலையாத மூலக் கோப்பாகவும் சேர்த்தே ஒப்படைப்பேன்.

தங்களிடம் யாரும் முடிக்க முடியாமல் கிடப்பில் இருக்கும் லேபிள் ஒன்றை அனுப்பிவையுங்கள். முதல் வேலைக்குக் கூலி வேண்டாம். ஸ்கேனை விட அசல் தாளே நல்லது. வியாழக்கிழமை தோறும் சிவகாசிக்கு வருவதால் நானே நேரில் வந்து வாங்கிக்கொள்வேன்.

தங்கள் உண்மையுள்ள,
செ. மாரியப்பன்
ரீடச்சர், சாத்தூர்

இணைப்பு: முன்–பின் மாதிரிகள் 4 இணை, மாதிரி 1, 4 ஆகியவற்றின் அச்சுப் புரூஃப் தாள்கள்.