குரூப்பில் போட்டதும் கதவில் ஒட்ட வேண்டியதும்

அண்ணே, நேற்று ராத்திரி குடியிருப்போர் குரூப்பில் நீங்கள் போட்ட செய்திகளை அறிவிப்பாக மாற்றி எழுதிவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் மேலே நீங்கள் எழுதியது அப்படியே இருக்கிறது. சில இடங்களில் உங்கள் வார்த்தையை எடுத்துவிட்டேன், ஏன் என்பதையும் சொல்லியிருக்கிறேன்.

*நீங்கள் போட்டது:* "சனிக்கிழமை தண்ணி வராது, பிளம்பர் வரான். 2பி பாத்ரூம் லீக்குதான், கீழ 1பி சீலிங் ஊறிப்போச்சு. காலைல வந்துருவான். ரெண்டு வீட்டுக்காரங்களும் இருங்க, பூட்டிட்டுப் போனா நான் பொறுப்பில்ல."

தண்ணீர் நிறுத்தம்: ஜூன் 13, சனிக்கிழமை, காலை 10 முதல் மாலை 4 வரை

குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம்.

2பி வீட்டுக் குளியலறையில் குழாய் இணைப்பு ஒன்று கசிகிறது. அதனால் 1பி வீட்டின் கூரையில் ஈரம் இறங்கியுள்ளது. இதைச் சரிசெய்யச் சனிக்கிழமை மெயின் வால்வை மூட வேண்டியிருப்பதால், மேற்சொன்ன நேரத்தில் எந்த வீட்டிலும் தண்ணீர் வராது. தேவையான தண்ணீரை 10 மணிக்கு முன்பே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் ஹீட்டர் போட வேண்டாம்; தொட்டியில் தண்ணீர் இல்லாமல் ஓடினால் உள்ளே உள்ள கம்பி கருகிவிடும். வெளியே கிளம்புமுன் எல்லாக் குழாய்களும் மூடியிருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். தண்ணீர் திரும்ப வந்ததும் முதலில் கலங்கலாக வரலாம், சிறிது நேரம் திறந்துவிட்டால் தெளிந்துவிடும்.

2பி, 1பி வீட்டார் கவனத்திற்கு: அன்று காலை 10 மணிக்கு யாராவது ஒருவர் வீட்டில் இருந்தால் உதவியாக இருக்கும். முடியாதென்றால் வெள்ளி மாலைக்குள் சொல்லுங்கள், உங்களுக்குத் தோதான வேறு நேரம் வைத்துக்கொள்ளலாம். ஈரம் பட்ட இடத்தில் உள்ள விளக்கை 1பி வீட்டார் அதுவரை போட வேண்டாம். கூரை நன்றாகக் காய்ந்த பிறகே பூச்சும் பெயின்டும் நடக்கும். ஈரத்தின் மேல் அடித்தால் உரிந்து வந்துவிடும். அந்தத் தேதியைப் பிறகு தெரிவிக்கிறோம். சிரமத்திற்கு வருந்துகிறோம்.

கட்டட மேலாளர், உரிமையாளர் சார்பில்

("பொறுப்பில்ல" என்பதை எடுத்துவிட்டேன். குழாய் நம்முடையது, கசிவும் நம் பொறுப்புதான்.)

*நீங்கள் போட்டது:* "இன்னும் நாலு வீட்டு வாடகை வரல. யாருன்னு பேர் போடட்டுமா? ஓனர் என்னைத்தான் கடிக்கிறாரு. இனிமே 5ம் தேதி தாண்டினா ஃபைன். ஆகஸ்ட்ல 5 பர்சென்ட் ஏறுது, தெரியும்ல?"

இதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. பாக்கியைப் பற்றி நான்கு வீட்டாருக்கும் தனித்தனியாக, உறையில் போட்டுக் கொடுங்கள். குரூப்பில் பேர் போட்டால் பணம் வருகிறதோ இல்லையோ, மனக்கசப்பு நிச்சயம் வரும். ஃபைன் என்று ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை, அதனால் அதைச் சேர்க்கவில்லை.

ஜூன் மாத வாடகை: நினைவூட்டல்

வணக்கம். ஜூன் 5ஆம் தேதிக்குள் வர வேண்டிய வாடகை இன்று, ஜூன் 10 வரை எங்கள் கணக்கில் வரவில்லை. ஏற்கெனவே செலுத்தியிருந்தால் ரசீதைக் காட்டுங்கள், சரிபார்த்துக்கொள்கிறோம். இல்லையென்றால் ஜூன் 17க்குள் செலுத்தக் கேட்டுக்கொள்கிறோம். இந்த மாதம் ஏதாவது நெருக்கடி இருந்தால் அதற்கு முன்பே வந்து பேசுங்கள். இரண்டு தவணையாகக் கட்டுவது பற்றி உரிமையாளரிடம் கேட்டுச் சொல்கிறேன்.

கட்டட மேலாளர்

வாடகை மாற்றம்: ஆகஸ்ட் 1 முதல்

வணக்கம். உங்கள் வாடகை ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவின்படி, ஆகஸ்ட் 1 முதல் மாத வாடகை 5 சதவீதம் உயர்கிறது. ஜூலை வாடகையில் மாற்றமில்லை. முன்பணமாக நீங்கள் கொடுத்த தொகையிலும் மாற்றமில்லை. கணக்கில் சந்தேகம் இருந்தால் ஜூலை 15க்குள் கேளுங்கள்.

கட்டட மேலாளர், உரிமையாளர் சார்பில்

(ஒரு மாதம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று அதே பிரிவில் இருக்கிறது. ஆகவே கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். "தெரியும்ல" போதாது.)

*நீங்கள் போட்டது:* "3ஏ அவரா குழாய மாத்திட்டு வாடகையில கழிச்சிருக்காரு. இது என்ன கதை?"

அண்ணே, கதை என்னவென்றால், அவர் மே மாதமே இரண்டு தடவை நமக்குச் சொல்லியிருக்கிறார். குரூப்பில் மேலே தள்ளிப் பாருங்கள். அதனால் இதைக் கொஞ்சம் பணிவாகவே எழுதினேன்.

3ஏ வீட்டாருக்கு

வணக்கம். சமையலறைக் குழாய் பற்றி நீங்கள் மே மாதம் சொன்னபோதே கவனிக்கத் தவறிவிட்டோம், மன்னிக்கவும். அதை மாற்றிய செலவை ஜூன் வாடகையில் கழித்துக்கொண்டதை இந்த முறை ஏற்றுக்கொள்கிறோம். பில்லின் நகல் ஒன்று மட்டும் கொடுங்கள். இனி எந்தப் பழுதானாலும் வேலையைத் தொடங்குமுன் எங்களுக்கு எழுதித் தெரிவியுங்கள், 3 நாளில் ஆள் அனுப்புகிறோம். தண்ணீர் கொட்டுவது போன்ற அவசரம் என்றால் காத்திருக்க வேண்டாம்: வால்வை மூடிவிட்டு உடனே கூப்பிடுங்கள்.

கட்டட மேலாளர்

3ஏ கடிதத்தை மட்டும் உரிமையாளரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள், கழித்த பணத்தை ஏற்பது அவர் முடிவு. மற்றதெல்லாம் இன்றே போகலாம். தண்ணீர் அறிவிப்பைப் படிக்கட்டுப் பக்கம் ஒட்டச் சொல்லுங்கள், அப்புறம் குரூப்பிலும் போடுங்கள்.