பொருள்: காற்றுக் கசிவு சோதனை – வரும் ஞாயிறு, ரூ.14,000 – ஒப்புதல் வேண்டி

வணக்கம் செந்தில் அண்ணா,

போனில் பேசியதன் சுருக்கம் இது. மேலாளருக்கு அப்படியே அனுப்பிவிடலாம்.

ஏர்ஜெட் தறிகள் எல்லாம் நின்ற பிறகும் கம்ப்ரஸர் லோடு எடுக்கிறது என்றீர்கள். அந்த நேரத்தில் போவது பெரும்பாலும் கசிவுதான். 7 பாரில் 3 மி.மீ. துளை ஒன்றே சுமார் 3 கிலோவாட் தின்னும்.

ஞாயிறு காலை 8 முதல் 1 மணி வரை இருவர் வருவோம். தறிகள் நிற்க வேண்டும், கம்ப்ரஸர் ஓட வேண்டும். அல்ட்ராசோனிக் கருவியால் தேடி, ஒவ்வொரு கசிவிலும் எண் எழுதிய சீட்டு கட்டுவோம். வழக்கமாக ஹோஸ் கிளிப்பும் கப்ளிங்கும்தான் மாட்டும். அறிக்கை செவ்வாய்க்கிழமை கிடைக்கும்.

கட்டணம் ரூ.14,000, ஜிஎஸ்டி தனி. பழுதுபார்ப்பு இதில் சேராது.

மேலாளர் வியாழன் மாலைக்குள் ‘சரி’ என்று பதில் போட்டால் போதும்.

அன்புடன்,
முருகன்