முழுப் பல்செட்: இரவுப் பராமரிப்பு

தூங்கப் போகும் முன் மேல் செட், கீழ் செட் இரண்டையும் கழற்றிவிடுங்கள். பகல் முழுக்க அழுந்திக் கிடந்த ஈறுக்கு ஓய்வு வேண்டும். இரவிலும் போட்டிருந்தால் மேலண்ணம் சிவந்து பூஞ்சைத் தொற்று வரலாம். வயதானவர்களுக்கு நிமோனியா அபாயமும் கூடுகிறது.

கழுவும்போதுதான் பல்செட் அதிகம் உடைகிறது. சோப்பு பட்டால் வழுக்கும், கை நடுங்கினால் கேட்கவே வேண்டாம். அதனால் வாஷ்பேசினில் பாதித் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது அடியில் ஒரு துண்டை மடித்துப் போடுங்கள். மென்மையான பிரஷ்ஷில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு எல்லாப் பக்கமும் தேயுங்கள். ஈறில் உட்காரும் உட்பக்கக் குழியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். செட்டைப் பிடித்து நிறுத்தப் போடும் பசை ஒட்டியிருப்பதும் அங்கேதான். பற்பசை வேண்டாம், அது கீறல் போடும். கொதிநீரும் கூடாது. செட் வளைந்துவிட்டால் அப்புறம் வாயில் பொருந்தாது.

கழுவியதை மூடியுள்ள டப்பாவில், முழுதும் மூழ்கும்படி சாதாரணத் தண்ணீரில் வையுங்கள். காயவிடக் கூடாது. தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். ஊறவைக்கும் மாத்திரை போட்டால் அட்டையில் உள்ள நேரக் கணக்கைப் பாருங்கள். அது விழுங்கும் மாத்திரை அல்ல. மற்ற மருந்துகளோடு சேர்த்து வைக்காதீர்கள். தண்ணீர் குடிக்கும் டம்ளரிலும் செட்டைப் போடாதீர்கள், இருட்டில் யாராவது எடுத்துக் குடித்துவிடுவார்கள். டிஷ்யூவில் சுற்றினால் குப்பையோடு போய்விடும்.

ஈறு, நாக்கு, அண்ணத்தையும் மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். காலையில் செட்டை நன்றாக அலசிவிட்டுப் போடுங்கள்.

விரிசல் விட்டால் வீட்டில் பசை போட்டு ஒட்டாமல் பல் மருத்துவரிடம் கொண்டுவாருங்கள். வாயில் புண் இருந்தாலும் மருத்துவரிடம் வாருங்கள்.