தரம் 11 வரலாறு: 1915ஆம் ஆண்டுப் போர்ச் சுவரொட்டி பற்றிய மூலாதார வினாவும் புள்ளித் திட்டமும்

மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பகுதி மாணவர்களுக்கான பயிற்சி வினா
நேரம்: 50 நிமிடம். மொத்தப் புள்ளிகள்: 30. எல்லா வினாக்களுக்கும் விடை எழுதுக.

மூலாதாரம்

சுவரொட்டியின் படம் தனித்தாளில் தரப்பட்டுள்ளது. போட்டோக் கொப்பியில் படம் கறுத்துப்போய்த் தெளிவில்லாமல் இருந்தால் கீழுள்ள விவரணத்தைப் பயன்படுத்தலாம்.

1915இல் பிரித்தானியாவில் வெளியான இந்தச் சுவரொட்டியைச் சவில் லம்லி என்ற ஓவியர் வரைந்தார். ஒரு வீட்டின் வரவேற்பறை. பூவேலைத் துணி போர்த்திய மெத்தைக் கதிரையில் தந்தை அமர்ந்திருக்கிறார். அவர் அணிந்திருப்பது இராணுவ உடையல்ல, சாதாரண கோட்டும் காற்சட்டையும். மகள் அவர் மடியில் இருக்கிறாள். அவள் கையில் விரித்த புத்தகம். மகன் தரையில் பொம்மைச் சிப்பாய்களை அடுக்கி விளையாடுகிறான். தந்தை பிள்ளைகளைப் பார்க்கவில்லை. முகத்தில் யோசனையோடு, படத்தைப் பார்க்கும் நம்மை நேராகப் பார்க்கிறார். கீழே ஒரே ஒரு வரி: "அப்பா, மகா யுத்தத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" ஆங்கில மூலத்தில் "நீங்கள்" என்ற சொல் மட்டும் முழுக்கப் பெரிய எழுத்துகளில் உள்ளது.

பின்னணி

1914 ஆகஸ்டில் பிரித்தானியா போரில் இறங்கியபோது அங்கு கட்டாய இராணுவ சேவை இருக்கவில்லை. ஆட்களைச் சேர்க்கும் பிரசாரத்தைப் பாராளுமன்ற ஆட்சேர்ப்புக் குழு நடத்தியது. இந்தச் சுவரொட்டியை வெளியிட்டதும் அக்குழுவே. 1914 செப்டெம்பர் மாதத்தில் மட்டும் நாலரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தாமாக முன்வந்து சேர்ந்தார்கள். பின்னர் அந்த வேகம் வெகுவாகக் குறைந்தது. 1916 ஜனவரியில் 18 முதல் 41 வயது வரையான திருமணமாகாத ஆண்களுக்கும், அதே ஆண்டு மே மாதத்தில் திருமணமானவர்களுக்கும் இராணுவ சேவை சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டது.

இலங்கையில் ஆங்கிலேயத் தோட்டத்துரைமார் பலர் அங்கம் வகித்த தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையிலிருந்து ஓர் அணி 1914 அக்டோபரில் கப்பலேறி எகிப்துக்குப் போனது. அடுத்த ஆண்டு அது கலிப்பொலிப் போர்முனையிலும் இருந்தது.

வினாக்கள்

1. (அ) இக்குடும்பம் வசதியானது என்பதைக் காட்டும் இரண்டு விடயங்களைப் படத்திலிருந்து எழுதுக. (2 புள்ளிகள்)
(ஆ) படத்தில் காணும் காட்சி எக்காலத்தில் நடப்பதாகக் காட்டப்படுகிறது? அதை எவ்வாறு அறிந்தீர்கள்? (3 புள்ளிகள்)

2. மகளின் கேள்வி, மகனின் விளையாட்டு, தந்தையின் பார்வை ஆகியவற்றுள் எவையேனும் இரண்டைத் தெரிவுசெய்க. 1915இல் இதைப் பார்த்த ஓர் ஆணைப் படையில் சேரத் தூண்ட அவை ஒவ்வொன்றும் எவ்வாறு பயன்பட்டன என விளக்குக. (6 புள்ளிகள்)

3. "இச்சுவரொட்டியில் ஒரு பொய்கூட இல்லை. ஆகவே இதைப் பிரசாரம் என்று சொல்ல முடியாது." இக்கூற்றை ஏற்கிறீர்களா? காரணம் தருக. (5 புள்ளிகள்)

4. 1915இல் பிரித்தானிய ஆண்கள் ஏன் படையில் சேர்ந்தார்கள் என்பதை ஆராயும் ஒரு வரலாற்றாசிரியருக்கு இச்சுவரொட்டி எந்தளவு பயன்படும்? (8 புள்ளிகள்)

5. இதே சுவரொட்டி 1915இல் மலைநாட்டுத் தோட்டமொன்றில் துரையின் பங்களாவிலும் தொழிலாளர் லயத்துச் சுவரிலும் ஒட்டப்பட்டதாகக் கற்பனை செய்க. இரண்டு இடங்களிலும் அது ஒரே விளைவை ஏற்படுத்தியிருக்குமா? உமது வரலாற்று அறிவைக் கொண்டு விளக்குக. (6 புள்ளிகள்)

---

புள்ளித் திட்டம் (ஆசிரியர்களுக்கு மட்டும்)

அன்பான ஆசிரியர்களே, திருத்தத் தொடங்கும் முன் ஒன்று. படத்தில் உள்ளதை வரிசையாக எழுதிவிட்டு "இது மக்களை ஏமாற்றும் பிரசாரம்" என்று முடிப்பது நம் பிள்ளைகளுக்குப் பழகிப்போன வழி. அந்த விடை எவ்வளவு நீளமாக இருந்தாலும், எவ்வளவு அழகான கையெழுத்தில் இருந்தாலும், அது விவரணம்தான். யார் யாரைப் பார்த்து எந்த நேரத்தில் இதைச் சொன்னார்கள், அந்த ஆளின் மனதில் எதைத் தொட முயன்றார்கள் என்று எழுதும் பிள்ளைக்கே உயர் புள்ளி. இரண்டே வரியில் எழுதியிருந்தாலும் கொடுங்கள்.

வினா 1 (அ). மெத்தைக் கதிரை, பூவேலைத் துணி, பொம்மைகள், புத்தகம், தந்தையின் உடை, ஓய்வாக இருக்கத் தனியறை ஆகியவற்றுள் எவையேனும் இரண்டு. ஒன்றுக்கு 1 புள்ளி.

வினா 1 (ஆ). போர் முடிந்த பின்னான எதிர்காலம் என்பதற்கு 1 புள்ளி. "செய்தீர்கள்" என்ற இறந்தகால வினை, அல்லது பிள்ளை புத்தகத்தில் படித்துக் கேட்கும் அளவுக்குப் போர் பழங்கதையாகிவிட்டது என்ற குறிப்பு, இவற்றில் ஒன்றுக்கு 1 புள்ளி. மூன்றாவது புள்ளியைக் கவனமாகக் கொடுங்கள். சுவரொட்டி வெளியான 1915இல் போர் இன்னும் நடந்துகொண்டிருந்தது. எப்போது முடியும், யார் வெல்வார் என்று எவருக்கும் தெரியாது. அப்படியிருந்தும் அமைதியான வீடு, நலமான பிள்ளைகள் என்று காட்டுவதால் வெற்றி நிச்சயம் என்பதுபோல் அது பேசுகிறது. இதைத் தொடும் விடைக்கே அந்தப் புள்ளி.

வினா 2. தெரிவுசெய்த ஒவ்வொன்றுக்கும் 3 புள்ளி: அம்சத்தைச் சரியாகக் குறிப்பிட 1, அது எழுப்பும் உணர்வைச் சொல்ல 1, அந்த உணர்வு எப்படிப் படையில் சேரும் முடிவாக மாறும் என்பதற்கு 1.

மகளின் கேள்வியில் குற்றச்சாட்டே இல்லை. சும்மா கேட்கிறாள். தந்தையிடம் சொல்லப் பதில் இல்லாததால்தான் அது குத்துகிறது. எதிரியைக் காட்டி எழுப்பும் கோபத்தைவிட, சொந்தப் பிள்ளையின் முன் தலைகுனிய வேண்டி வரும் என்ற வெட்கம் ஆழமாகப் பாயும். மகன் சிப்பாய்களை விரும்பி விளையாடுகிறான். தன் மகனே மதிக்கும் ஒரு வேலையைத் தந்தை செய்யவில்லை. தந்தையின் பார்வை படத்தை விட்டு வெளியே வந்து, பார்ப்பவனை அதே கதிரையில் உட்கார வைக்கிறது. பெரிய எழுத்தில் உள்ள "நீங்கள்" என்ற சொல்லும் அந்த வேலையைத்தான் செய்கிறது. அதை இங்கே குறிப்பிட்டாலும் புள்ளி உண்டு.

"தந்தை சோகமாக இருக்கிறார், அதனால் மக்கள் படையில் சேர்ந்தார்கள்" என்ற விடைக்கு 2 புள்ளிக்கு மேல் வேண்டாம். ஏன் சோகம் என்று எழுதவில்லை.

வினா 3. "ஏற்கிறேன்" என்று மட்டும் எழுதியவருக்கும் "ஏற்கவில்லை" என்று மட்டும் எழுதியவருக்கும் புள்ளி இல்லை. பிரசாரத்துக்குப் பொய் கட்டாயமில்லை, ஒரு நோக்கத்துக்காக உணர்வைத் திசைதிருப்பினாலே போதும் என்ற கருத்துக்கு 2 புள்ளி. சுவரொட்டி எதைச் சொல்லாமல் விட்டது என்பதைக் குறைந்தது ஓர் எடுத்துக்காட்டோடு காட்டினால் மேலும் 2: இதில் காயமடைந்தவர் இல்லை, பதுங்கு குழி இல்லை, தந்தையை இழந்த வீடு இல்லை. சேர்ந்தால் பிள்ளையின் கேள்விக்குப் பெருமையோடு பதில் சொல்லலாம் என்கிறது. பதில் சொல்ல ஆள் உயிரோடு திரும்பாமல் போகலாம் என்பதைச் சொல்லவில்லை. வெளியிட்டது ஆட்சேர்ப்புக் குழு என்பதோடு இணைத்து நோக்கத்தைக் காட்டினால் கடைசிப் புள்ளி.

கூற்றை ஓரளவு ஏற்று, "தகவல் பிழையில்லை, ஆனாலும் பிரசாரமே" என்று வாதிடும் பிள்ளைக்கும் முழுப்புள்ளி கிடைக்கலாம்.

வினா 4. இதுதான் வினாத்தாளின் மையம். மட்டம் பார்த்துப் புள்ளியிடுங்கள்.

மட்டம் 1 (1–2 புள்ளி): "பயன்படும், ஏனெனில் அது அக்காலத்தது" அல்லது "பயன்படாது, ஏனெனில் அது பக்கச்சார்பானது". இரண்டும் எந்த மூலாதாரத்துக்கும் எழுதக்கூடிய வரிகள்.

மட்டம் 2 (3–5 புள்ளி): சுவரொட்டியின் உள்ளடக்கத்தையோ வெளியிட்டவரையோ காலத்தையோ கொண்டு பயனை அல்லது குறைபாட்டை விளக்குதல். ஒரு பக்கம் மட்டும் எழுதினால் 4க்கு மேல் போக வேண்டாம்.

மட்டம் 3 (6–8 புள்ளி): ஆண்கள் ஏன் சேர்ந்தார்கள் என்பதைச் சுவரொட்டி நேரடியாகச் சொல்லாது, எதைச் சொன்னால் சேர்வார்கள் என்று ஆட்சேர்ப்பாளர்கள் நம்பினார்கள் என்பதையே சொல்லும் என்ற வேறுபாட்டைக் காணுதல். இதைக் காணாத விடை எவ்வளவு சரளமாக இருந்தாலும் மட்டம் 3க்கு ஏறாது.

மட்டம் 3க்கான மாதிரி விடை: "1914 செப்டெம்பரில் ஆர்வத்தோடு இருந்தவர்கள் ஏற்கனவே போய்விட்டார்கள். 1915இல் மீதம் இருந்தவர்கள் தயங்கியவர்கள், குடும்பஸ்தர்கள். அதனால்தான் குழு வீரத்தைப் பற்றிப் பேசாமல் குடும்பத்தையும் வெட்கத்தையும் காட்டியது. அரசு யாரைப் பற்றிக் கவலைப்பட்டது என்பதை அறிய இது மிகப் பயன்படும். ஆனால் இதைப் பார்த்துத்தான் ஒருவர் சேர்ந்தாரா, வேலையில்லாமல் சேர்ந்தாரா, நண்பர்களோடு போனாரா என்பதை அறியக் கடிதங்களும் நாட்குறிப்புகளும் வேண்டும்." இவ்விடைக்கு 8.

1916இன் கட்டாய சேவைச் சட்டத்தைக் காட்டி "ஆகவே சுவரொட்டிகள் தோற்றுவிட்டன" என்று எழுதுவோர் பலர் இருப்பார்கள். பின்னணித் தகவலைப் பயன்படுத்தியதற்குப் புள்ளி கொடுங்கள், ஆனால் முடிவு அவசரமானது. சட்டம் வருமுன் சுமார் 25 இலட்சம் பேர் தாமாகச் சேர்ந்திருந்தார்கள். தன்னார்வலர் போதவில்லை என்பதைச் சட்டம் காட்டுகிறது. எவரும் அசையவில்லை என்பதை அல்ல. இந்தச் சமநிலையைத் தானாகவே எழுதும் பிள்ளை கிடைத்தால் தயங்காமல் 8 போடுங்கள்.

வினா 5. இது கற்பனை நிலைமை. இச்சுவரொட்டி இங்கே உண்மையில் ஒட்டப்பட்டது என்று எழுதினால், அந்த வரிக்கு மட்டும் புள்ளி இல்லை.

பங்களாவுக்கு 2 புள்ளி: துரைக்கு ஆங்கிலம் தெரியும், படத்தில் உள்ள வீடு அவருக்குப் பழகிய வீடு, கூட இருந்த துரைமார் 1914இலேயே புறப்பட்டுவிட்டார்கள். "நீ என்ன செய்தாய்" என்ற கேள்வி அவரை நேராகத் தாக்கும்.

லயத்துக்கு 3 புள்ளி. பெரும்பாலானோர் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர்கள் என்பதோடு நின்றால் 1. முழுப்புள்ளிக்கு வாழ்க்கை நிலைமைக்குப் போக வேண்டும்: ஓர் அறையில் குடும்பமே ஒடுங்கிய லயத்தில் மெத்தைக் கதிரைத் தந்தை யாரோ ஒருவர், முற்பணக் கடனும் துண்டு முறையும் தொழிலாளியைக் கட்டி வைத்திருந்தன, கடன் தீராமல் அவரால் இன்னொரு தோட்டத்துக்குக்கூடச் சுதந்திரமாகப் போக முடியாது. துண்டு முறை ஒழிந்தது 1921இல்தான். "விரும்பினால் போகலாம்" என்ற நிலையில் உள்ளவனிடம்தான் "ஏன் போகவில்லை" என்று கேட்க முடியும்.

கடைசி 1 புள்ளி: ஒரு சுவரொட்டியின் பலம் பார்ப்பவரின் நிலையைப் பொறுத்தது என்று இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்வதற்கு.

"பிள்ளையின் முன் வெட்கப்படுவது எல்லா அப்பாவுக்கும் ஒன்றுதான், லயத்திலும் அது தொடும்" என்று ஒரு பிள்ளை வாதிட்டால் வெட்டிவிடாதீர்கள். காரணம் காட்டியிருந்தால் லயத்துக்கான 3 புள்ளியையும் அந்த வாதத்துக்கே கொடுக்கலாம். தன் பாட்டன் பூட்டன் கதையை வீட்டில் கேட்டு எழுதும் பிள்ளைகளும் இருப்பார்கள். அக்கதை 1915ஆம் ஆண்டோடு பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள், பொருந்தினால் அது வரலாற்று அறிவுதான்.

எழுத்துப்பிழைக்கும் பேச்சுவழக்குச் சொல்லுக்கும் எந்த வினாவிலும் புள்ளி குறைக்க வேண்டாம். 4ஆம் வினாவில் மட்டம் பற்றி ஐயம் வந்தால் விடைத்தாளை ஒதுக்கி வைத்து இன்னோர் ஆசிரியரிடம் காட்டிய பிறகு புள்ளியை எழுதுங்கள்.