விண்மீன்களின் தூரம்: சனிக்கிழமை உரைக்குப் பின் கேட்கவிருக்கும் கேள்விகள்

வணக்கம். உரை முடிந்ததும் 25 நிமிடம் கேள்விகளுக்கு ஒதுக்கியிருக்கிறோம். வருகிறவர்களில் பாதிப் பேர் பள்ளி மாணவர்கள். நான் கேட்க நினைப்பவற்றை முன்கூட்டியே அனுப்புகிறேன்.

1. கட்டைவிரலை நீட்டி, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடினால் விரல் இடம் மாறுவதுபோல் தெரிகிறது. ஆறு மாத இடைவெளியில் பூமி இருக்கும் இரண்டு இடங்களை அந்த இரண்டு கண்களாக வைத்துக்கொண்டு இதை விளக்க முடியுமா? 1838இல் வானியலாளர் பெஸ்ஸல் 61 சிக்னி என்ற விண்மீனின் தூரத்தை அளந்தது இப்படித்தானே? சூரியனுக்கு மிக அருகிலுள்ள பிராக்ஸிமா சென்டாரிக்கே இந்த இடமாறு கோணம் ஒரு வில்விநாடிகூட இல்லை, 0.77தான். அவ்வளவு சின்னக் கோணத்தை அந்தக் காலக் கருவியால் எப்படிப் பிடித்தார்?

2. இதற்குத்தான் அதிக நேரம் வேண்டும். ஒரு விண்மீனின் கோணம் 1 மில்லி வில்விநாடி, பிழை கூட்டியோ குறைத்தோ 0.2 என்று வைப்போம். கணக்குப் போட்டால் தூரம் சுமார் 3,260 ஒளியாண்டு. ஆனால் பிழையின் ஒரு முனையில் 2,720, மறுமுனையில் 4,080 வருகிறது. கோணத்தில் இருபக்கமும் சமமாக இருந்த பிழை, தூரத்தில் ஏன் தொலைவுப் பக்கம் மட்டும் அதிகமாக நீள்கிறது? கரும்பலகையில் போட்டுக் காட்டினால் மாணவர்கள் மறக்கமாட்டார்கள்.

3. கயா விண்கலத்தின் பட்டியலில் சில விண்மீன்களுக்குக் கோணம் எதிர்மறை எண்ணாக இருக்கிறது. அது தவறான அளவீடா? அவற்றை ஒதுக்கிவிட்டால் மிச்சமுள்ள கணக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாதா?

4. திருவாதிரை இவ்வளவு பளிச்சென்று தெரிந்தும் அதன் தூரம் இன்னும் உறுதியாகவில்லை. அதன் வட்டமே இடமாறு கோணத்தைவிடப் பல மடங்கு பெரியது என்பதுதான் சிக்கலா?

5. கார்த்திகைக் கூட்டத்துக்கு ஹிப்பார்கஸ் விண்கலம் தந்த தூரம் சுமார் 390 ஒளியாண்டு. கயா தருவது சுமார் 440. ஹிப்பார்கஸ் சொன்ன பிழை வரம்பு இந்த வித்தியாசத்தைவிடச் சிறியது. அப்படியானால் பிழை வரம்பையே எந்த அளவுக்கு நம்பலாம்?

6. கோணம் எட்டாத தூரத்துக்கு செபீட் விண்மீன்கள் இருக்கின்றன. அவை துடிக்கும் கால அளவுக்கும் ஒளிக்கும் உள்ள தொடர்பை ஹென்றியட்டா லீவிட் 1912இல் வெளியிட்டார். ஆனால் அந்த அளவுகோலுக்கே கோண அளவீட்டைக் கொண்டுதான் கோடு போட வேண்டும். அடிப்படிக்கட்டில் 2 சதவீதம் தவறினால் மேலே அப்படியே தொடருமா, இல்லை பெருகுமா? நூறு செபீட்களை அளந்து சராசரி எடுத்தால் சரியாகிவிடும் பிழை எது, ஆயிரம் எடுத்தாலும் போகாத பிழை எது? வால்டர் பாடே செபீட்களில் இரண்டு வகை உண்டென்று கண்டதும் ஆண்ட்ரோமெடாவின் தூரம் இரண்டு மடங்கானதே, அது இரண்டாவது வகைப் பிழைதானே?

7. இடையிலுள்ள தூசு ஒளியை மங்கலாக்குகிறது. அதைச் சரியாகக் கழிக்காவிட்டால் விண்மீன் இருப்பதைவிடத் தொலைவில் தெரியும், இல்லையா? (நேரமில்லையென்றால் இதை விட்டுவிடலாம்.)

8. கடைசியாக ஒன்று. நீங்களே அளந்த தூரங்களில், பிழை வரம்பைப் பின்னால் பெரிதாக்க வேண்டி வந்தது எது? எதைக் கவனிக்காமல் விட்டிருந்தீர்கள்?