பம்ப் கையேடுகள் தமிழாக்கம்: சொல்லுக்கு 50 காசு விலையில் இப்போது ஏற்க இயலவில்லை

ஈரோடு
டிசம்பர் 9, 2025

வணக்கம் சார்,

நான்கு சப்மெர்சிபிள் மோட்டார் மாடல்களின் கையேடுகள், மொத்தம் 28,000 சொல். இயந்திர மொழிபெயர்ப்பு தயாராக இருக்கிறது, திருத்திக் கொடுத்தால் போதும், சொல்லுக்கு 50 காசு, பத்து நாளில் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். இந்த வேலைக்கு என்னை நினைத்ததற்கு நன்றி. ஆனால் இந்த விலைக்கும் இந்தக் கெடுவுக்கும் என்னால் ஏற்க இயலாது. இன்றே சொல்லிவிட்டால் நீங்கள் வேறு ஆளைப் பார்க்க நேரம் இருக்கும் என்பதால் தாமதிக்காமல் எழுதுகிறேன்.

காரணத்தைக் கணக்கோடு சொல்லிவிடுகிறேன், உங்கள் வாடிக்கையாளரிடம் பேசவும் அது உதவும். 28,000 சொல்லுக்கு 50 காசு என்றால் ₹14,000. இது போன்ற தொழில்நுட்பக் கையேட்டில் இயந்திர வரைவைத் திருத்தினால், ஆங்கில மூலத்தோடு ஒப்பிட்டு, மறுவாசிப்பும் முடித்து, மணிக்கு ஏறக்குறைய 400 சொல் நகரும். மொத்தம் 70 மணி நேரம், அதாவது மணிக்கு ₹200. பத்து நாளில் முடிக்க வேண்டுமானால் ஞாயிறும் சேர்த்து தினம் 7 மணி நேரம் திருத்த வேண்டும். தொடர்ந்து இப்படித் திருத்தும்போது நான்காவது மணிக்கு மேல் கண் தவறுகளைத் தாண்டிப் போய்விடும். என் வழக்கமான விலை, புதிதாக மொழிபெயர்த்தால் சொல்லுக்கு ₹2.50, நல்ல வரைவைத் திருத்தினால் ₹1.50.

'நல்ல வரைவு' என்று குறிப்பிட்டுச் சொல்லக் காரணம் உண்டு. நீங்கள் மாதிரிக்கு அனுப்பிய இரண்டு பக்கத்தையும் முழுதாகப் பார்த்தேன். 40 வாக்கியத்தில் 27 வாக்கியத்தைத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு திரும்ப எழுதும் வேலைக்குத் திருத்தம் என்று பெயர் வைக்க முடியாது. இதில் வரைவைப் படிப்பதற்குப் போகும் நேரம் வீண், மணிக்கு 400 சொல்கூட வராது.

ஓரிடத்தை மட்டும் காட்டுகிறேன். பேனலைத் திறக்கும் முன் சப்ளையை நிறுத்து என்று ஆங்கில மூலம் சொல்கிறது. வரைவில் வந்திருப்பது: "பேனலைத் திறப்பதற்கு முன் விநியோகத்தைத் துண்டிக்கவும்." இலக்கணத்தில் பிழையே இல்லை, மேலோட்டமாகப் பார்ப்பவர் அப்படியே விட்டுவிடுவார். ஆனால் நம் ஊரில் விநியோகம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது குடிநீர் விநியோகம். தோட்டத்தில் நிற்பவர் கேட் வால்வை மூடிவிட்டு, மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் பேனலைத் திறக்க வாய்ப்பிருக்கிறது. "பேனலைத் திறக்கும் முன் மெயின் மின்சாரத்தை நிறுத்துங்கள்" என்று இருந்தால் அந்த ஆபத்து இல்லை. முக்கியமாக மாறியது விநியோகம் என்ற ஒரு சொல்தான், ஆனால் அது உயிர் சம்பந்தப்பட்ட சொல்.

மற்றவையும் இதே வகைதான். எர்த் கம்பி 'பூமி கம்பி' ஆகியிருக்கிறது. ஃபேஸ் 'கட்டம்' ஆகி, ஒரு ஃபேஸ் போய்விட்டால் மோட்டார் நிற்கும் என்பது 'கட்டத் தோல்வியில் மோட்டார் பயணிக்கும்' என்று வந்திருக்கிறது. டிரிப் ஆவதை இயந்திரம் பயணமாக எடுத்துக்கொண்டது, அர்த்தம் தலைகீழ். மும்முனை மோட்டாரில் ஒரு ஃபேஸ் இல்லாமல் ஓட்டம் தொடர்ந்தால் காயில் எரிந்துவிடும். அந்தப் பாதுகாப்பு வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்லும் வரியே இப்படி இருந்தால், எரிந்த மோட்டார் வாரண்டி கேட்டு உங்கள் வாடிக்கையாளரிடம்தான் வரும். போர்வெல் ஓரிடத்தில் 'சலிப்புக் கிணறு' ஆகியிருக்கிறது. ஹெட் என்பது 'தலை 45 மீட்டர்' என்று நிற்கிறது. கடைக்காரரும் எலக்ட்ரீஷியனும் ஹெட் என்றே சொல்கிறார்கள். முதல் இடத்தில் 'தண்ணீர் ஏற்றும் உயரம் (ஹெட்)' என்று விளக்கிவிட்டு, பிறகு ஹெட் என்றே விட்டுவிடலாம்.

இன்னொரு பிழையை நான்கு கையேட்டிலும் எதிர்பார்க்கலாம். ஸ்டார்ட்டர் பேனலின் சின்னத் திரையில் `DRY RUN`, `SPP`, `OVERLOAD` என்று ஆங்கிலத்தில்தான் எழுத்து வரும். வரைவு அவற்றையும் தமிழாக்கிவிட்டது. விவசாயி திரையில் பார்ப்பது ஒன்று, புத்தகத்தில் தேடுவது வேறொன்று. திரையில் தெரிவதை அதே எழுத்தில் வைத்து, பக்கத்தில் 'தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடுகிறது' என்று தமிழில் சொல்ல வேண்டும். இதற்குப் பேனலில் வரும் எல்லாச் சொற்களின் பட்டியலும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய கோப்புகளில் அது இல்லை.

இதனால்தான் விலையைக் குறைத்து, அதற்கேற்ப வேலையையும் குறைத்துக்கொள்கிறேன் என்று சொல்ல மனம் வரவில்லை. செல்போன் விளம்பரத்தில் ஒரு வரி பிசகினால் வாசிப்பவர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். மின்சாரமும் தண்ணீரும் சேர்ந்து நிற்கும் இடத்துக் கையேட்டில் பாதிப் பார்வை பார்ப்பது சரியாக இருக்காது.

அதே நேரம் இந்தக் கையேடுகள் நல்ல தமிழில் வர வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன். பல பம்ப் பெட்டிகளில் தமிழ்த் தாள் இருந்தும் பலர் அதைப் பிரிப்பதில்லை, படித்தால் புரியாது என்று தெரியும். எனவே கீழே சொல்லும் வழிகளில் ஏதாவது ஒன்று பின்னால் ஒத்துவந்தால் பேசலாம்.

முதல் வழி, உங்கள் பட்ஜெட்டுக்குள்ளேயே அடங்குவது. ஒரு மாடல் கையேட்டில் பாதுகாப்புப் பகுதி 1,400 சொல், பொருத்துதலும் வயரிங்கும் 2,900, கோளாறு அட்டவணை 900. மொத்தம் 5,200 சொல், ₹2.50 வீதம் ₹13,000. ஆபத்தும் சர்வீஸ் அழைப்பும் வருவது பெரும்பாலும் இந்த மூன்று பகுதியில்தான். உதிரிபாகப் பட்டியலும் வாரண்டி வாசகமும் இப்போதைக்கு ஆங்கிலத்திலேயே இருக்கலாம். இயந்திர வரைவைத் தொடாமல் மூலத்திலிருந்து நேராக மொழிபெயர்ப்பேன். வேலை 21 மணி நேரம், ஐந்து வேலை நாள் வேண்டும்.

இரண்டாவது, நான்கு மாடலும் சேர்த்து. நான்கு கோப்பையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் 9,000 சொல் எழுத்துப் பிசகாமல் திரும்ப வருகிறது. எச்சரிக்கைகள், எர்த்திங், சேமித்து வைக்கும் முறை எல்லாம் ஒன்றேதான். அந்த 9,000 சொல்லுக்கு மட்டும் நீங்கள் சொன்ன 50 காசு போதும், இடம் பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. புதிய 19,000 சொல்லுக்கு ₹47,500, திரும்ப வருவதற்கு ₹4,500, ஆக ₹52,000. முழுதும் புதிது என்று கணக்கிட்டால் வரும் ₹70,000-லிருந்து ₹18,000 குறைகிறது. இதற்கு மேல் நியாயமாகக் குறைக்க இந்தக் கோப்புகளில் இடமில்லை. வேலை நாள் பதினைந்து.

மூன்றாவது, இந்த வாடிக்கையாளரிடமிருந்து ஆண்டுக்கு ஒரு லட்சம் சொல்லுக்குக் குறையாமல் வரும் என்று எழுத்தில் உறுதி கொடுத்தால் புதிய சொல்லுக்கு ₹2.20. இனிமேல் நிறைய வரும் என்ற வாய்மொழிக்கு இந்த விலை பொருந்தாது, தவறாக நினைக்க வேண்டாம்.

எந்த வழியானாலும் எனக்குத் தேவையானவை: பிடிஎஃப் அல்லாமல் திருத்தக்கூடிய மூலக் கோப்பு, பேனல் திரைச் சொற்களின் பட்டியல், சந்தேகம் கேட்டால் ஒரு நாளுக்குள் பதில் சொல்லும் சர்வீஸ் டெக்னீஷியன் ஒருவர். பக்கம் வடிவமைத்த பிறகு அச்சுக்கு முன் ஒருமுறை பார்த்துக் கொடுப்பது மேலே சொன்ன விலைகளிலேயே அடக்கம். இதைத் தனியாகச் சொல்லக் காரணம், இன்டிசைனில் `Adobe World-Ready Paragraph Composer` தேர்வு செய்யாமல் தமிழை ஒட்டினால் கொ, கோ, கௌ போன்றவற்றின் கொம்பு எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும். மொழிபெயர்ப்பு சரியாக இருந்தும் அச்சில் கெட்டுப்போவது இங்கேதான்.

பணம் 60 நாளில் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உத்யம் பதிவு இருக்கிறது. குறு, சிறு தொழில் சட்டப்படி ஒப்பந்தம் போட்டாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. பாதி முன்பணம், மீதி ஒப்படைத்த 30 நாளில் என்பது என் வழக்கம்.

ஜனவரி 20 வரை வேறு வேலை கையில் இருக்கிறது, அதற்குப் பிறகு நேரம் உண்டு. 2026 மார்ச் 31-க்குள் உறுதி செய்தால் இங்கே சொன்ன விலைகள் மாறாது. வாடிக்கையாளரின் புது நிதியாண்டு பட்ஜெட்டில் இதைச் சேர்க்க முடியுமானால் பிப்ரவரிக்குள் சொல்லுங்கள், ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து நேரம் ஒதுக்கி வைக்கிறேன். ஜனவரி கடைசியில் நானும் ஒருமுறை எழுதிக் கேட்கிறேன், அதற்கு மேல் தொந்தரவு செய்ய மாட்டேன்.

அதுவரை காத்திருக்க முடியாமல் வேறு யாரிடமாவது கொடுத்தால் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. அச்சுக்குப் போகும் முன் விநியோகம், கட்டம், பூமி, பயணம், தலை ஆகிய ஐந்து சொற்களையும் நான்கு கோப்பிலும் தேடச் சொல்லுங்கள். பிறகு, செய்யக்கூடாது என்று ஆங்கிலத்தில் இருக்கும் ஒவ்வொரு வரியும் தமிழிலும் செய்யக்கூடாது என்றே முடிகிறதா என்று ஒருவர் உரக்கப் படித்துப் பார்க்கட்டும். கேபிளைப் பிடித்து மோட்டாரைத் தூக்காதீர்கள் என்பதில் அந்த 'ஆதீர்கள்' விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மாதிரி இரண்டு பக்கத்திலும் பிழைகளைக் குறித்து இத்துடன் இணைத்திருக்கிறேன். அதற்குக் கட்டணம் வேண்டாம், வாடிக்கையாளரிடம் காட்டிக்கொள்ளலாம்.

அன்புடன்,
தனலட்சுமி
ஆங்கிலம்–தமிழ் தொழில்நுட்ப மொழிபெயர்ப்பு